தோள் இறுகியவர்களிடம் செய்யக் கூடாத தவறுகள்

கிளினிக்குக்குப் பயிற்சிக்கு வரும் இளம் பிஸியோதெரபிஸ்ட்டுகளைப் பார்க்கும்போது, என்னோடு படித்தவர்கள் தொடக்கத்தில் செய்த பிழைகளே திரும்ப வருவது தெரிகிறது. கோணமானியைத் தப்பான இடத்தில் வைப்பது, வலதை இடதோடு ஒப்பிட மறப்பது எல்லாம் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஃப்ரோசன் ஷோல்டர் வந்தவர்களுக்கு மாதக்கணக்கில் நட்டம் தரும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன். முதலாவதுதான் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவைப்பது.

வலிக்கும் காலத்தில் கையை இழுப்பது

தோள்மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. கையைத் தொங்கவிட்டிருக்கும்போது அதன் அடிப்பகுதி, சட்டையின் அக்குள் துணி போலத் தளர்ந்து மடிந்து கிடக்கும். கையை உயர்த்தும்போது அந்த மடிப்பு விரியும். இந்த நோயில் உறை முதலில் அழற்சியடைகிறது, பிறகு தடித்துச் சுருங்குகிறது. முன்பக்கம்தான் அதிகம் இறுகும். அதனால் முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து முன்கையை வெளியே திருப்பும் அசைவு, அதாவது வெளிச்சுழற்சி, முதலில் குறைகிறது.

வழக்கமாக மூன்று கட்டங்கள் சொல்வார்கள். வலி கூடிக்கொண்டே போகும் முதற்கட்டம் ஏறக்குறைய 2 முதல் 9 மாதம். வலி தணிந்து இறுக்கம் மட்டும் நிற்கும் இரண்டாவது 4 முதல் 12 மாதம். மெல்ல இளகும் மூன்றாவது 5 முதல் 24 மாதம். ஒன்றோடு ஒன்று கலந்துதான் வரும். ஆகவே மாதத்தை எண்ணிக் கட்டத்தை முடிவு செய்யாதீர்கள். இரவில் வலி எழுப்புகிறதா என்று கேளுங்கள். பிறகு நீங்களே கையைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைவு தடைப்படும் இடத்துக்கு முன்பே வலி வந்தால் அழற்சி இன்னும் ஓயவில்லை. தடைப்படும் இடத்தில் மட்டும் இழுவை போல வலித்தால் அது இறுக்கக் கட்டம்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர், வயது ஐம்பதைத் தாண்டியவர், சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர். வலது தோள் நாலு மாதமாக வலி. பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலால் முதுகுக் கூடைக்குள் போட முடியவில்லை. நிறை குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுந்தது. வெளிச்சுழற்சி இடப்பக்கம் 60 பாகை, வலப்பக்கம் 15. இரவில் அந்தப் பக்கம் சரியவே முடியாது என்று அவரே சொன்னார். அதைக் கேட்டுக் குறித்துக்கொண்ட பயிற்சிப் பிள்ளை, அடுத்த நிமிஷமே, "கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா, இழுத்தாத்தான் கை வரும்" என்று சொல்லி மணிக்கட்டைப் பிடித்துத் தலைக்கு மேல் அழுத்தியது.

அந்த அம்மா அதற்குப் பிறகு பல வாரம் வரவில்லை. லயத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் போட்டு உருவுகிறவரிடம் போயிருக்கிறார். அங்கும் இதே இழுப்பு. திரும்ப வந்தபோது, "மிஸ், கைய ஒடச்சிப்புட்டாங்கன்னு நெனச்சேன். மூணு ராத்திரி கண்ண மூடல" என்றார். வெளிச்சுழற்சி 5 பாகைக்கு இறங்கியிருந்தது.

அழற்சியோடு இருக்கும் உறையை வலிக்க வலிக்க இழுத்தால் அது நீளாது. வலி கிளறப்படும், தசைகள் கையை இறுக்கிக் காக்கும், நோயாளி கையை அசைக்கவே பயப்படுவார். நெதர்லாந்தில் 77 பேரைப் பின்தொடர்ந்து 2004 இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. வலியின் எல்லைக்குள் மட்டும் அசைத்தவர்களில் 89 சதவீதம் பேர் இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய இயல்பு நிலைக்கு வந்தார்கள். வலியைத் தாண்டி இழுக்கப்பட்டவர்களில் அது 63 சதவீதம்தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் கிளினிக்கில் நான் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது.

அந்த அம்மாவுக்கு இழுப்பதை நிறுத்தினோம். டாக்டர் தோள்மூட்டுக்குள் ட்ரையாம்சினலோன் 40 மில்லிகிராம் ஊசி போட்டார். இரவு வலி குறைந்த பிறகு, முன்னுக்குக் குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, மேசையில் துணியை வைத்துத் தள்ளுவது, தடியைப் பிடித்து முன்கையை வெளியே தள்ளுவது என்று மூன்றே பயிற்சி கொடுத்தோம். வலி தொடங்கும் இடத்தில் நிறுத்தி ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. பயிற்சியால் வந்த வலி அன்றிரவு வரை நின்றால் மறுநாள் பாதியாகக் குறைக்க வேண்டும். மூன்று மாதத்தில் வெளிச்சுழற்சி 35 பாகைக்கு வந்தது. இறுக்கக் கட்டம் வந்த பிறகுதான் நீண்ட நேரம் பிடிக்கும் இழுவைப் பயிற்சியைத் தொடங்கினோம். அப்போது அது அவருக்குத் தொல்லை தரவில்லை.

எக்ஸ்ரே பார்க்காமல் பெயர் வைப்பது

கையைத் தானாக உயர்த்த முடியாவிட்டால் உடனே ஃப்ரோசன் ஷோல்டர் என்று எழுதிவிடுகிறார்கள். நோயாளி தானே தூக்க முடியாமல், நீங்கள் தூக்கினால் கை முழுதும் வந்தால், அது பெரும்பாலும் தசைநார்க் கிழிவு. நோயாளி தானே திருப்பினாலும் நீங்கள் திருப்பினாலும் வெளிச்சுழற்சி குறைந்து, எக்ஸ்ரேயும் சாதாரணமாக இருந்தால்தான் இந்தப் பெயர். மூட்டுத் தேய்மானத்திலும் வெளிச்சுழற்சி பூட்டிக்கொள்ளும். வலிப்பு வந்தவருக்கோ மின்சாரம் தாக்கியவருக்கோ தோள் பின்பக்கமாக விலகியிருந்தாலும் அப்படித்தான். விலகிய தோளுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தால் அந்தக் காலம் முழுவதும் வீண்.

சீனி பார்க்காமல் ஊசிக்கு அனுப்புவது

வேண்டாம். ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சில நாள் சீனி ஏறும், முன்கூட்டியே சொல்லி அளக்கச் சொல்லுங்கள்.

வலி போன பிறகு ஊசி கேட்பது

ஊசி அழற்சிக்குத்தான். முதற்கட்டத்தில் சில வாரம் முதல் சில மாதம் வரை நல்ல ஆறுதல் தரும், அந்த இடைவெளியில் பயிற்சி செய்யலாம். இறுகிப்போய் வலியில்லாமல் நிற்கும் தோளில் அதற்கு வேலை குறைவு.

"தானாச் சரியாகிடும்" என்று வீட்டுக்கு அனுப்புவது

பெரும்பாலானவர்களுக்குச் சரியாகும் என்பது உண்மை. எல்லாருக்கும் முழுதாகத் திரும்பாது. பல வருஷம் கழித்தும் கொஞ்சம் இறுக்கமோ வலியோ மிஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். சீனி உள்ளவர்களுக்கு நோய் நீண்டு நிற்கும், மற்றத் தோளுக்கும் வரலாம். நாட்சம்பளத்தில் வாழ்கிறவரிடம் இரண்டு வருஷம் காத்திருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவது சிகிச்சையல்ல. எந்தக் கட்டம், அடுத்து என்ன வரும், எப்போது திரும்பி வர வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

சத்திரசிகிச்சையை முதலில் பேசுவது

மயக்க மருந்து கொடுத்துக் கையை அசைத்து உறையைக் கிழிப்பது ஒரு வழி. சிறு துளை வழியாகக் கமரா விட்டு, இறுகிய உறையை வெட்டி விடுவிப்பது இன்னொரு வழி. முதலாவதில் மேற்கை எலும்பு முறியும் ஆபத்து உண்டு, எலும்பு தேய்ந்த வயதானவர்களில் இதை மறக்கக் கூடாது. இரண்டாவதில் உறையின் அடிப்பக்கத்தை வெட்டும்போது அக்குள் நரம்பு மிக அருகில் இருக்கும்.

பிரித்தானியாவில் 503 பேரை வைத்து நடந்த யூகே ஃப்ரொஸ்ட் ஆய்வு 2020 இல் வெளியானது. இந்த இரண்டையும், ஸ்டீராய்டு ஊசியோடு சேர்ந்த ஒழுங்கான பிஸியோதெரபியையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருஷ முடிவில் நோயாளிக்குப் பெரிதாகத் தெரியும் அளவுக்கு எதுவும் மற்றதை வெல்லவில்லை. பாரதூரமான சிக்கல்கள் உறையை வெட்டியவர்களிடமே அதிகமாக இருந்தன. ஆகவே ஊசியும் பயிற்சியும் சில மாதம் ஒழுங்காக நடந்து, இறுக்கம் அசையாமல் நின்று, வேலையைத் தடுத்தால்தான் நான் அந்தப் பேச்சை எடுப்பேன்.

அப்போதும் முதலில் கேட்பது வீடு எவ்வளவு தூரம் என்பதைத்தான். வெட்டிய உறை சும்மா விட்டால் மறுபடி ஒட்டும், ஆகவே மறுநாளே அசைக்கத் தொடங்க வேண்டும். கண்டியில் சத்திரசிகிச்சை முடித்துத் தோட்டத்துக்குத் திரும்புகிறவருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பிஸியோதெரபி திகதிகளை முன்பே எழுதி வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் சத்திரசிகிச்சைத் திகதியைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.