திறந்த புத்தகத் தேர்வுக் கேள்வி: பர்மாக் கணக்கு ஒன்றை வைத்து, தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு பாடம் எடுக்கிறேன். முதன்முறை திறந்த புத்தகத் தேர்வு வைத்தபோது நான் கேட்ட கேள்வி இது: “கீழ்ப் பர்மாவில் நகரத்தார் நில உடைமையாளர்களாக மாறியதற்கான காரணங்களை விமர்சன நோக்கில் ஆராய்க.” விடைத்தாள் கட்டைப் பிரித்தால் பாதிக்கு மேல் ஒரே வரிசை, ஒரே சொற்கள். பாடநூலில் அந்தப் பத்தி எங்கே முடிகிறதோ அங்கேதான் விடையும் முடிந்திருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, புத்தகத்தில் இருப்பதையே கேட்டவன் நான்தான்.

‘விமர்சன நோக்கில் ஆராய்க’ என்று எழுதிவிட்டால் கேள்வி பகுப்பாய்வுக் கேள்வி ஆகிவிடும் என்று நினைத்ததுதான் அதில் இருந்த தவறு. அந்த ஆராய்ச்சியை நூலாசிரியர் ஏற்கெனவே செய்து அச்சிட்டு வைத்திருக்கிறார். 1930-இல் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் வந்து நெல் விலை சரிந்தது, கடன் அடைபடவில்லை, ஈடு வைத்த நிலம் வட்டிக்கடைக்கு வந்தது. அந்த ஆண்டு முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில் சுமார் 6 சதவீதம் நகரத்தார்களான செட்டியார்களிடம் இருந்தது, 1930-களின் கடைசியில் அது சுமார் 25 சதவீதம் ஆனது. இவ்வளவும் இரண்டே பக்கத்தில் கிடைக்கும். வினைச்சொல்லை மாற்றினாலும் விடை இருக்கும் பக்கம் மாறுவதில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கேள்வியில் உள்ள பெயர்ச்சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு நூலின் பின்னால் இருக்கும் சொல்லடைவில் தேடுவேன். எல்லாச் சொல்லும் ஒரே பக்கத்தில் கொண்டுபோய் விட்டால் கேள்வியைக் கிழித்துப் போட வேண்டியதுதான். நான்கைந்து இடத்துக்குச் சிதறினாலோ, எங்கேயும் போய்ச் சேராவிட்டாலோ மேலே யோசிக்கலாம்.

அடுத்த ஆண்டு வேறு வழியில் போனேன். நானே ஒரு பேரேட்டுப் பக்கம் தயாரித்தேன். கற்பனைக் கணக்கு என்று வினாத்தாளிலேயே சொல்லிவிட்டேன்; இல்லையென்றால் அதையும் எங்காவது தேடிக்கொண்டிருப்பார்கள்.

பர்மாவில் ஒரு வட்டிக்கடை. 20 ஏக்கர் நெல் நிலத்தின் மேல் 1,000 ரூபாய் கடன், ஆண்டு வட்டி 15 சதவீதம். விளைச்சல் 600 கூடை. நூறு கூடை 150 ரூபாய்க்குப் போன காலத்தில் வரவு 900, சாகுபடிச் செலவு 550, மிச்சம் 350. வட்டி 150 கட்டி, அசலிலும் 200 கழிக்கலாம். விலை 75-க்கு இறங்கியதும் வரவு 450, செலவு 400, மிச்சம் 50. நிலத்தின் விலையும் 1,600-இலிருந்து 800-க்கு விழுந்துவிட்டது. நிலத்தைக் கடை எடுத்துக்கொண்டு குத்தகைக்கு விட்டால், வரி போக ஆண்டுக்கு 110 ரூபாய் வரும். அந்த 1,000 ரூபாயும் ஊரில் பிறர் போட்ட டெபாசிட். அதற்குக் கடை 8 சதவீதம், அதாவது 80 ரூபாய், கொடுத்தாக வேண்டும்.

இதை வைத்து முதலில் நான் எழுதிய கேள்வி: “கடையின் ஏஜெண்டு என்ன செய்ய வேண்டும்?” அதுவும் தவறுதான். பொறுத்துப்போகலாம், நிலத்தை எடுத்துக்கொள்ளலாம், விற்றுவிடலாம் என்று மூன்றே வழி இருப்பதால் குத்துமதிப்பாக எழுதியவனுக்கும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு கிடைத்துவிடுகிறது. அதனால் இப்படி மாற்றினேன்: “மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்து காரணம் காட்டுக. கணக்கில் எந்த ஒரு வரி மாறினால் உங்கள் முடிவு மாறும்? கடைக்காரர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டார்கள் என்ற கூற்றை இந்தப் பக்கம் எவ்வளவு தூரம் தாங்குகிறது?”

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பொறுத்தால் கடன் வாங்கிய சம்சாரியிடமிருந்து 50 வரும், டெபாசிட்டுக்கு 80 போகும், ஆண்டுக்கு 30 கைப்பிடித்தம். நிலத்தை எடுத்தால் 110 வரும், 80 போகும், 30 மிஞ்சும். விற்றால் 800 கிடைக்கும், 200 அப்போதே போய்விடும். ஆக, நிலத்தை எடுப்பதுதான் கையைக் கடிக்காத வழி. ஆசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கு அங்கேதான் தள்ளுகிறது. இந்த வாக்கியத்தை எந்தப் பாடநூலிலிருந்தும் பார்த்து எழுத முடியாது. ஆனால் பெருமந்தம் பற்றிப் பாடத்தைப் படிக்காதவனுக்கு விலை ஏன் பாதியானது, ஏன் உடனே ஏறாது என்பது புரியாது. பக்கத்து மேசையில் புத்தகம் இருக்க வேண்டியது அதற்காகத்தான்.

பிற்பகல் தேர்வு எழுதிய பிரிவுக்கு ஒரே ஒரு வரி கூடுதலாகக் கொடுத்தேன்: “டெபாசிட் போட்டவர் ஆறு மாதத்தில் முதலைத் திருப்பிக் கேட்கிறார்.” விடை தலைகீழாகிவிடும். குத்தகைப் பணம் சேரும்வரை காத்திருக்க நேரமில்லை. 800-க்கு விற்றுவிட்டு மீதி 200-க்கு வேறு வழி பார்க்க வேண்டும். காலையில் எழுதியவன் கேள்வியைச் சொல்லிக்கொடுத்திருந்தாலும் பயனில்லை. நான் தந்த எண்களில் ஒன்றை மாற்றியும் முடிவும் காரணமும் அப்படியே நின்றால், அந்த எண் வெறும் அலங்காரம் என்று எடுத்துவிடுவேன்.

எண்களை அள்ளிப் போடுவதும் கூடாது. என் முதல் வரைவில் கடையின் விலாசம், அடுத்தாள் சம்பளம், பெட்டியடிப் பையனின் சாப்பாட்டுச் செலவு எல்லாம் இருந்தன. படிக்க ருசியாகத்தான் இருந்தது. என் சகா ஒருவர் பார்த்துவிட்டு, “ஏன் சார், பரீட்சையா, கடைக்கு ஆடிட்டா?” என்றார். வெட்டிவிட்டேன். மூடிய புத்தகத் தேர்வில் மூன்று மணி நேரத்துக்கு எட்டுக் கேள்வி வைப்பவர்கள் இங்கும் எட்டே வைத்தால், பிள்ளைகள் பக்கம் புரட்டியே நேரத்தைத் தீர்த்துவிடுவார்கள். நான் மூன்றுதான் வைக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நானே புத்தகத்தோடு உட்கார்ந்து விடை எழுதி, ஆன நேரத்தைப் போல மூன்று மடங்கு கொடுக்கிறேன்.

எல்லாம் சரியாக எழுதியும் மதிப்பெண் திட்டத்தில் கோட்டை விடுபவர்கள் உண்டு. ‘ஒரு கருத்துக்கு இரண்டு மதிப்பெண்’ என்று பழைய திட்டத்தை வைத்தால், பாடநூலிலிருந்து பத்துக் கருத்தை எடுத்து எழுதியவன் முழு மதிப்பெண் வாங்கிப் போய்விடுவான். 20 மதிப்பெண்ணில் கணக்குக்கு 4, காரணத்துக்கு 8, எந்த வரி மாறினால் முடிவு மாறும் என்பதற்கு 5, ஒரே ஒரு கடையின் ஒரே பக்கத்தை வைத்து எதைச் சொல்ல முடியாது என்று எழுதுவதற்கு 3 என்று பிரித்தேன். பேரேட்டு எண்ணைத் தொடாத பத்திக்கு, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், மதிப்பெண் கிடையாது. இதைத் தேர்வுக்கு முன்பே வகுப்பில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் செய்தால் அது அநியாயம்.

திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு தாளில் நிறுத்த வேண்டியிருந்தது. பொறுத்துப்போகும் வழியைப் பற்றி ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: “மிச்சமான 50 ரூபாயையும் வட்டிக்கு வாங்கிக்கொண்டால் அடுத்த வருஷம் விதை நெல்லுக்கு அவர் எங்கே போவார்? திரும்பவும் இந்தக் கடைக்குத்தான் வர வேண்டும். அப்போது கடன் 1,000-க்கு மேல் போய்விடும். கணக்கில் இது இல்லை.” என் விடைக்குறிப்பிலும் அது இல்லை. காரணத்துக்கு வைத்திருந்த 8-ஐயும் அவளுக்குக் கொடுத்துவிட்டு, விடைக்குறிப்பைத் திருத்தி, ஏற்கெனவே பார்த்து முடித்த தாள்களை மறுபடி எடுத்தேன்.