'லோல்' என்னை ஏமாற்றிய இடம்

பெயர் 'லோல்' என்று முடிந்தால் பீட்டா தடுப்பு மருந்து. அதில் ஆங்கில எழுத்து ஏ முதல் எம் வரை தொடங்குபவை இதயத்தின் பீட்டா-1 ஏற்பியைத்தான் அதிகம் தடுக்கும், பிந்திய எழுத்தில் தொடங்குபவை நுரையீரலின் பீட்டா-2 ஐயும் சேர்த்தே தடுக்கும். அட்டையில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன்.

ஒரு பின்னேரம் டச்சுக் குடாக் கரையில் அக்காவோடு இருந்து பழைய வினாத்தாள்களைப் பார்த்தேன். தொய்வும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு எது கூடாது என்ற கேள்விக்குப் புரொப்ரனோலோல் என்று உடனே வந்தது. அடுத்ததில் மாட்டிக்கொண்டேன். இதயத்தை மட்டும் தெரிந்து தடுப்பது எது? லபெட்டலோல் என்று எழுதினேன், எல் எழுத்துத்தானே!

"கடைசியைப் பாரடி, 'ஓலோல்' இல்லை, 'அலோல்'," என்றார் அக்கா. லபெட்டலோலும் 'இலோல்' என்று முடியும் கார்வெடிலோலும் பீட்டா-1, பீட்டா-2 இரண்டோடு ஆல்பா ஏற்பியையும் தடுப்பவை. ஆகவே இப்போது முதலில் கடைசியைப் பார்க்கிறேன், பிறகுதான் முதல் எழுத்து. அதிலும் சோட்டலோல் 'அலோல்' ஆனாலும் ஆல்பாவைத் தொடாது. நெபிவோலோல் என் எழுத்தில் தொடங்கியும் பீட்டா-1 க்காரன். இரண்டையும் அட்டையின் பின்புறம் சிவப்பில் எழுதினேன்.

அடினோலோல் தொய்வுக்காரருக்குப் பாதுகாப்பு என்ற விடைத் தெரிவும் பொறிதான். மருந்தளவு கூடினால் பீட்டா-1 ஐ மட்டும் தெரிந்து தடுக்கும் அதன் தன்மை குறைந்துவிடும். டிமோலோல் கண்சொட்டுக்கூட மூச்சை இறுக்கலாம்.