கலாம் படத்தைக் கொடுத்தால் வேறு முகம் வருவது ஏன்?

அக்டோபர் 15, அப்துல் கலாம் பிறந்தநாளுக்குப் பள்ளிச் சுவரொட்டி ஒன்று தேவைப்பட்டது. படம் வரையும் ஏஐ கருவி ஒன்றில் அவர் புகைப்படத்தை ஏற்றி, பின்னால் ராக்கெட் ஏவுதளம் வரையச் சொன்னேன். உடனே மறுப்பு வந்தது. பெயரை நீக்கிவிட்டுக் கேட்டேன்; படம் வந்தது, ஆனால் முடி மட்டும்தான் அவருடையது, முகம் வேறு யாரோ.

இரண்டுக்கும் காரணம் வேறு. பல கருவிகளில், எழுதியதையும் ஏற்றிய படத்தையும் ஒரு வடிகட்டி முதலில் பார்க்கிறது. பிரபலம் என்று பட்டால் அங்கேயே நிறுத்திவிடும். போலிப் படம் பற்றிய பயம் நியாயமானது. 2023-இல் அனில் கபூரின் பெயர், முகம், குரலை அனுமதியின்றிப் பயன்படுத்த டெல்லி உயர் நீதிமன்றமே தடை விதித்தது. முகம் மாறுவது வேறு கதை. கருவி புகைப்படத்தை வெட்டி ஒட்டுவதில்லை, எல்லாவற்றையும் புதிதாக வரைகிறது. கண், மூக்கு இடைவெளி கொஞ்சம் நகர்ந்தாலே ஆள் மாறிவிடுவார்.

அதனால் முகத்தை அதனிடம் கேட்பதையே விட்டேன். "மாலை வெளிச்சம், ஏவுதளம், இடப்பக்கம் காலியாக, ஆட்கள் வேண்டாம்" என்று பின்னணியை மட்டும் வாங்கினேன். அப்புறம் விக்கிமீடியா காமன்ஸில் உரிமம் பார்த்து எடுத்த கலாம் படத்தை ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் வெட்டி அந்தக் காலியிடத்தில் வைத்தேன். முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமோ, பின்னணியிலும் அதே பக்கம் வரும்படி கேளுங்கள். இல்லாவிட்டால் ஒட்டியது பளிச்சென்று தெரியும்.