ஸ்டோர்ஸ் லெட்ஜரில் மூன்று விலை முறைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட்டங்கிச் சரக்கின் வரவு, வழங்கல், இருப்பை அளவோடும் மதிப்போடும் பதியும் ஸ்டோர்ஸ் லெட்ஜரைச் சரிபார்க்க உட்காரும்போது பலரும் வழங்கல் பத்தியில்தான் கண்ணை ஓட்டுவார்கள். எத்தனை கிலோ போனது, என்ன விலையில் போனது என்று பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது இருப்புப் பத்தியின் கடைசி வரியை. மிச்சமுள்ள மதிப்பை மிச்சமுள்ள கிலோவால் வகுத்தால் ஒரு விலை வரும். அந்தச் சரக்கை நாம் ஒருநாளும் அந்த விலைக்கு வாங்கியதில்லை என்றால், மேலே எங்கோ தவறு இருக்கிறது. இல்லையென்றால் முறையே தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது.

ஒரே வரவுகளை எடுத்துக்கொண்டு, வழங்கலுக்கு விலை போடும் எளிய சராசரி, நகரும் சராசரி, ஸ்டாண்டர்ட் விலை என்ற மூன்று முறைகளையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு மூலப்பொருள், மாதத் தொடக்கத்தில் இருப்பு எதுவும் இல்லை.

| தேதி | விவரம் | கிலோ | கிலோ விலை | மதிப்பு |
|---|---|---|---|---|
| 1 | வரவு | 1,000 | 20 | 20,000 |
| 5 | வரவு | 200 | 26 | 5,200 |
| 8 | வழங்கல் | 1,000 | | |
| 15 | வரவு | 500 | 24 | 12,000 |
| 22 | வழங்கல் | 500 | | |

மொத்த வரவு 1,700 கிலோ, மதிப்பு 37,200. வழங்கியது 1,500 கிலோ. கடைசியில் 200 கிலோ மிஞ்ச வேண்டும். எந்த முறையில் போட்டாலும் கிலோவில் வித்தியாசம் வராது; மதிப்பில்தான் வரும்.

எளிய சராசரியில் அளவை மறப்பது

எளிய சராசரி என்பது கையிருப்பில் உள்ள லாட்களின் விலைகளை மட்டும் கூட்டி, லாட்களின் எண்ணிக்கையால் வகுப்பது. 8ஆம் தேதி கையில் இரண்டு லாட்: 20, 26. சராசரி 23. ஆயிரம் கிலோவுக்கு 23,000 போட்டு வழங்கிவிடுகிறோம். மொத்த மதிப்பு 25,200 இருந்தது, மீதி 2,200. இருப்பு 200 கிலோ. அதாவது கிலோ 11.

20க்குக் குறைவாக ஒரு கிலோகூட வாங்கவில்லை, ஆனால் லெட்ஜர் 11 என்கிறது. கூட்டல் கழித்தலில் பிழை தேடிப் பயனில்லை, ஏனென்றால் கணக்கு சரியாகத்தான் போடப்பட்டிருக்கிறது. ஆயிரம் கிலோ வந்த 20க்கும் இருநூறு கிலோ வந்த 26க்கும் முறை ஒரே எடை கொடுத்துவிட்டது. அதனால் உற்பத்தியின் தலையில் அதிகச் செலவு ஏறி, அந்த அளவு இருப்பிலிருந்து குறைந்துவிட்டது.

15ஆம் தேதி வரவைச் சேர்த்தால் 700 கிலோ, மதிப்பு 14,200. இந்த இடத்தில் அடுத்த தவறு நுழையும். 22ஆம் தேதிக்கான சராசரியில் எந்த விலைகளைச் சேர்ப்பது? முதலில் வந்ததே முதலில் போனது என்று கொண்டு பார்ப்பதுதான் வழக்கம். அப்படிப் பார்த்தால் 20 விலை லாட் 8ஆம் தேதியே தீர்ந்துவிட்டது. அது இனிக் கணக்கில் வரக் கூடாது. 26, 24 இரண்டின் சராசரி 25. ஐந்நூறு கிலோவுக்கு 12,500 போனால் மீதி 1,700. கிலோவுக்கு 8.50.

தீர்ந்துபோன 20ஐயும் சேர்த்து மூன்றால் வகுப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 23.33 வரும், இருப்பும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். கடைசி வரியைப் பார்த்தால் தவறாகப் போட்டவர் கணக்கு, சரியாகப் போட்டவர் கணக்கைவிட நன்றாக இருக்கும்! இந்த முறையை நான் நம்பாததற்கு இது ஒன்றே போதும்.

இன்னும் மோசமாகவும் ஆகலாம். 8ஆம் தேதி ஆயிரத்துக்குப் பதில் 1,150 கிலோ வழங்கியிருந்தால் 26,450 கழிய வேண்டும். இருந்ததோ 25,200. கிட்டங்கியில் 50 கிலோ கண்ணெதிரே கிடக்க, லெட்ஜரில் அதன் மதிப்பு மைனஸ் 1,250 என்று நிற்கும். பெரிய லாட் விலை கூடுதலாக இருந்தால் கதை தலைகீழ்: ஆயிரம் கிலோ 26க்கும் இருநூறு கிலோ 20க்கும் வந்திருந்தால், அதே வழங்கலுக்குப் பிறகு மிச்சம் கிலோ 35 என்று ஊதி நிற்கும். லாட்கள் ஏறக்குறைய ஒரே அளவில் வந்து, விலையும் அதிகம் ஆடாத பொருளுக்கு மட்டும் எளிய சராசரி பரவாயில்லை.

நகரும் சராசரியில் விலையைச் சராசரி எடுப்பது

பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. சில பாடநூல்களில் நகரும் சராசரி என்றால் கடந்த சில மாதங்களின் சராசரி விலைகளை மறுபடி சராசரி எடுப்பது. நடைமுறையிலும் கணக்கு மென்பொருள்களிலும் பெரும்பாலும் குறிப்பது வேறு: ஒவ்வொரு வரவுக்கும் பிறகு மொத்த மதிப்பை மொத்த அளவால் வகுத்து வரும் விலை. நான் சொல்வது இந்த இரண்டாவதை. உங்கள் அலுவலகத்தில் எது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

5ஆம் தேதி வரவுக்குப் பிறகு 25,200ஐ 1,200ஆல் வகுத்தால் 21. ஆயிரம் கிலோ 21,000க்குப் போகிறது. மிச்சம் 200 கிலோ, 4,200. அதே 21. வழங்கலால் விலை மாறக் கூடாது. மாறினால் அந்த வரியில் பிழை இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பைசா அளவு மாறினால் மட்டும் அது முழுமையாக்கலால் வந்தது.

15ஆம் தேதி 500 கிலோ 24க்கு வருகிறது. இங்கே கை தவறுகிற இடம்: பழைய விலை 21, புதிய விலை 24, நடுவில் 22.50 என்று போட்டுவிடுவது. அப்படிப் போட்டால் திரும்பவும் எளிய சராசரிக்கே போய்விட்டோம். மதிப்புகளைக் கூட்ட வேண்டும்: 4,200 + 12,000 = 16,200; அதை 700ஆல் வகுத்தால் 23.142857. முழுதாக வகுபடாது, நிஜத்தில் அப்படித்தான் இருக்கும். 23.14 என்று வழங்கல் சீட்டில் எழுதினால் 500 கிலோவுக்கு 11,570, மீதி 4,630. இருப்பு மதிப்பைக் கழித்துத்தான் எடுக்க வேண்டும். 200ஐ 23.14ஆல் பெருக்கி 4,628 என்று எழுதினால், 2 காணாமல் போகும். ஒரு பொருளில் 2 ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கான பொருள்களில் ஒரு வருடம் ஓடினால் லெட்ஜரும், எல்லாப் பொருள்களின் மொத்த மதிப்பைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கணக்கும் ஒத்துப்போகாமல் நிற்கும்.

இந்த முறையின் உண்மையான தலைவலி வரிசைதான். 5ஆம் தேதி வந்த 200 கிலோவை யாரோ மறந்து, 8ஆம் தேதி வழங்கலுக்குப் பிறகு பதிந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோ 20,000க்குப் போய், இருப்பு சுழியமாகி, அப்புறம் 200 கிலோ 26 விலையில் உட்காரும். அடுத்த வரவுக்குப் பின் சராசரி 24.57. ஒரே சீட்டுகள்தான், பதிந்த வரிசை மட்டும் வேறு; கடைசி 200 கிலோவின் மதிப்பு ஏறக்குறைய 4,629க்குப் பதில் 4,914.

தாமதமாக வரும் செலவும் இதே ரகம். முதல் இரண்டு லாட்டுக்கும் சேர்ந்த வண்டி வாடகை 600, அதன் பில் 10ஆம் தேதி வருகிறது. அப்போது கையில் 200 கிலோதான். முழு 600ஐயும் அதன் மேல் ஏற்றினால் விலை 21இலிருந்து 24க்குத் தாவும். 1,200 கிலோவுக்கான வாடகை அது. ஆறில் ஒரு பங்குதான் கையில் இருக்கிறது. 100ஐ இருப்பில் ஏற்றினால் விலை 21.50 ஆகும். மீதி 500 ஏற்கெனவே போன சரக்கின் செலவு, அது நுகர்வுக் கணக்குக்குப் போக வேண்டும்.

ஸ்டாண்டர்ட் விலையில் இரண்டு விலைகளைக் கலப்பது

ஸ்டாண்டர்ட் விலை முன்கூட்டியே நிர்ணயித்தது. இங்கே 22 என்று வைப்போம். வழங்கல் எப்போதும் 22. எளிது. ஆனால் வரவை என்ன விலையில் எழுதுவது?

வரவை வாங்கிய விலையிலும் வழங்கலை 22இலும் எழுதி, வித்தியாசத்தை எங்கும் எடுக்காமல் விட்டால் அது இருப்பில் போய் ஒளிந்துகொள்ளும். 8ஆம் தேதி 25,200இல் 22,000 போய் 3,200 மிஞ்சும்: கிலோ 16. ஆனால் மாத இறுதியில் அதே லெட்ஜர் 4,200 காட்டும்: கிலோ 21. பார்க்க ஒழுங்காகத் தெரியும், தற்செயல்தான். இந்தப் பிழை சில மாதம் தெரியும், சில மாதம் மறையும்.

வரவையும் 22இல் எழுதி, வித்தியாசத்தை வாங்கும்போதே விலை மாறுபாட்டுக் கணக்குக்கு அனுப்புவதே சுத்தமான வழி. முதல் லாட்டில் 2,000 சாதகம். இரண்டாவதில் 800 பாதகம். மூன்றாவதில் 1,000 பாதகம். நிகரம் 200 சாதகம். இருப்பு 200 கிலோ, 4,400.

மேலாளருக்கு "இந்த மாதம் 200 சாதகம்" என்று ஒரு வரி போகும், அதோடு விஷயம் முடிந்துவிடும். உண்மையில் நடந்தது என்ன? 1ஆம் தேதிக்குப் பிறகு ஒருமுறைகூட 22க்குள் வாங்க முடியவில்லை. நிகரத்தை மட்டும் காட்டாமல் லாட் லாட்டாகக் காட்டினால்தான் அது தெரியும்.

மாத முடிவில் அந்த 200 சாதகத்தை 1,700 கிலோவுக்குப் பிரித்து, கையிலுள்ள 200 கிலோவுக்கான பங்கைக் கழித்தால் இருப்பு சுமார் 4,376 ஆகும். மொத்த 37,200ஐ 1,700ஆல் வகுத்து வரும் 21.88 என்ற மாதச் சராசரியில் மதிப்பிட்டாலும் இதே தொகைதான் வரும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒரு லாட்டின் மாறுபாடு பதியப்படவில்லை.

நிதியறிக்கைக்குப் போகும்போது இன்னொன்று. இருப்பு மதிப்பீட்டுக்கான பன்னாட்டுத் தரமான ஐஏஎஸ் 2, ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படும் சரக்குக்கு முதலில் வந்தது முதலில் போகும் முறையையும், அளவுக்கு ஏற்ப எடை கொடுக்கும் நிறையிட்ட சராசரியையும் ஏற்கிறது. அந்தச் சராசரியைக் காலமுடிவில் எடுத்தாலும் சரி, ஒவ்வொரு வரவுக்கும் எடுத்தாலும் சரி. ஸ்டாண்டர்ட் விலையை, உண்மையான அடக்கத்துக்கு நெருக்கமாக வந்தால் வசதிக்காக வைத்துக்கொள்ள விடுகிறது. கிலோ 8.50 என்று நிற்கும் எளிய சராசரிக்கு அங்கே இடமில்லை.

அடுத்த மாதம் ஸ்டாண்டர்டை 24 ஆக்கினால், கையிலுள்ள 200 கிலோவும் அன்றே 4,400இலிருந்து 4,800 ஆக வேண்டும். அந்த 400ஐத் தனி மறுமதிப்பீட்டுக் கணக்கில் எழுதுங்கள். விலை மாறுபாட்டில் கலந்துவிட்டால், யாரும் எதையும் மலிவாக வாங்காத மாதத்தில் கொள்முதல் பிரிவு 400 மிச்சம் பிடித்ததாக அறிக்கை சொல்லும்.