பூஜை மூலை ரெண்டரில் பித்தளை விளக்கு கறுத்தால்

பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் தேக்கு மண்டபமும் குத்துவிளக்கும் வைத்து ரெண்டர் செய்தபோது விளக்கு மட்டும் கறுப்பாக வந்தது. மெட்டீரியலில் Metallic அளவை 1 என்று வைத்தால் உலோகம் தன் எதிரே இருப்பதைத்தான் காட்டும்; எதிரே இருட்டு என்றால் இருட்டுதான். அதனால் நிறத்தை வெளுப்பாக்கியும் பயனில்லை. கேமராவுக்குப் பின்னால் இடப்பக்கம், ஒரு மீட்டர் அகல Area விளக்கை மங்கலாக வைத்து, Roughness 0.25 ஆக்கியதும் தண்டின் வளைவில் பொன்னிறக் கோடு விழுந்தது. சுடரின் நிறத்துக்கு, வெப்பநிலையை நிறமாக்கும் Blackbody நோடில் 1900 கெல்வின் போதும்.

மரச்செதுக்கல் தட்டையாகத் தெரிந்ததற்கும் ஒளிதான் காரணம். நேர் எதிரிலிருந்து விழும் ஒளியில் பள்ளங்களில் நிழல் சேராது. மேலிருந்து, பலகையை ஒட்டிச் சாய்வாக விழவிட்டதும் கொடிப்பூவின் இதழ்கள் தனித்தனியே எழுந்து நின்றன.