தொழில் வரி நோட்டீசுக்குச் சிறு முதலாளி பதில் எழுதுவது எப்படி?

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் எங்களுக்கு ஒரு பாத்திரக் கடையும், ஊருக்கு வெளியே ஒரு கிராம ஊராட்சியின் எல்லைக்குள் சிறிய பட்டறையும் உள்ளன. 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கடைக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. எங்களிடம் பணிபுரியும் 8 பேருக்கு 4 அரையாண்டுகளாகத் தொழில் வரி செலுத்தவில்லை என்றும், அவர்களை உரிய காலத்தில் பதிவு செய்யவில்லை என்றும், பதினைந்து நாளுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. வரியாக மட்டும் 40,000 ரூபாய் கேட்டிருந்தார்கள். வட்டியும் தாமதத்திற்கான தொகையும் தனி. அந்தப் பதிலை நானே எழுதி முடித்தேன். அதே நிலையில் இருப்பவர்களுக்காக அதன் வரிசையை இங்கே தருகிறேன்.

நோட்டீஸ் கைக்கு வந்த நாளை அதன் மேலேயே எழுதி, உறையையும் பத்திரப்படுத்துங்கள். கெடு அந்த நாளிலிருந்துதான் கணக்காகும்.

படி 1: நோட்டீசில் எத்தனை கேள்விகள் உள்ளன என்று பிரியுங்கள்

இத்தகைய நோட்டீசில் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒரே பத்தியில் கலந்திருக்கும்: செலுத்தாத வரி, அதற்கான வட்டி, ஊழியர்களைப் பதிவு செய்யாமல் விட்ட தாமதம். மூன்றுக்கும் பதில் வேறு. வரி என்பது கணக்கு. அதற்குக் கணக்கால்தான் பதில் சொல்ல முடியும். தாமதம் என்பது நடந்துபோன ஒன்று. அதற்குக் காரணத்தையும், அது சரிசெய்யப்பட்ட தேதியையும் சொல்ல வேண்டும். இரண்டையும் கலந்து "எங்களுக்குத் தெரியாது, மன்னிக்கவும்" என்று எழுதினால், தவறாகக் கேட்கப்பட்ட தொகையையும் ஒப்புக்கொண்டதாகவே அந்தக் கடிதம் படிக்கப்படும்.

நோட்டீஸ் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் வந்துள்ளது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் தொழில் வரியை வசூலிப்பது உள்ளாட்சி அமைப்புகள்தான். நகர்ப்புறத்திற்குத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. கிராம ஊராட்சிக்குத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. இந்த வேறுபாடு படி 3-இல் பணமாக மாறும்.

படி 2: 21,000 என்ற எண்ணில் தடுமாறாதீர்கள்

நான் இரண்டு ஆண்டுகள் தவறியது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஈ.எஸ்.ஐ.யில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் என்பது உச்ச வரம்பு. தொழில் வரியிலும் 21,000 ரூபாய் வரை வரி இல்லை என்று கேள்விப்பட்டேன். எங்கள் கடையில் யாருக்கும் மாதம் 21,000 கிடையாது. எனவே யாருக்கும் வரி இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். உண்மையில் தொழில் வரியில் அந்த 21,000 என்பது மாதச் சம்பளம் அல்ல, ஆறு மாதச் சம்பளத்தின் கூட்டுத்தொகை. மாதத்திற்குக் கணக்கிட்டால் அது 3,500 ரூபாய்தான். அப்படியானால், இன்று முழுநேர வேலையில் இருக்கும் அநேகமாக எல்லோருமே வரிக்குள் வந்துவிடுகிறார்கள்.

அரையாண்டுகள் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரையும். ஒவ்வோர் ஊழியருக்கும் அந்த ஆறு மாத மொத்தச் சம்பளத்தை, பி.எஃப். பிடித்தத்திற்கு முந்தைய தொகையாக, கூட்டி, உங்கள் உள்ளாட்சியின் வரி அடுக்கில் பொருத்த வேண்டும். எங்கள் நோட்டீசின்படி ஆறு மாதத்தில் 75,000 ரூபாயைத் தாண்டினால் உச்ச அடுக்கு, வரி 1,250 ரூபாய். அதாவது மாதம் 12,500-க்கு மேல் வாங்குபவர் அனைவரும் அதில் அடங்குவர். அரசமைப்புச் சட்டத்தின் 276-ஆவது பிரிவு ஒருவருக்கு ஆண்டிற்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி விதிக்க இடம் தருவதில்லை. ஆகவே ஒரு நபருக்கு ஓர் ஆண்டின் இரு அரையாண்டுகளையும் சேர்த்து 2,500-க்கு மேல் வரி கேட்டிருந்தால், வட்டியைத் தவிர்த்துப் பார்த்த பிறகும் அப்படியே இருந்தால், அந்தக் கணக்கில் பிழை உள்ளது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இன்னொரு குழப்பமும் எனக்கு இருந்தது. கடை உரிமையாளர் என்ற முறையில் என் பெயரில் தொழில் வரி கட்டி வந்தேன்; ஊழியர்களுக்கும் அதுவே போதும் என்று நினைத்தேன். அது என் தொழிலுக்கான வரி மட்டுமே. ஊழியர்களின் வரியை அவர்கள் சம்பளத்தில் பிடித்துச் செலுத்துவது முதலாளியின் தனிக் கடமை. பிடிக்கத் தவறினாலும் செலுத்தும் பொறுப்பு முதலாளியை விட்டு நீங்குவதில்லை. உரிமையாளர் வரிக்கான ரசீதை இணைத்து "ஏற்கெனவே செலுத்தியாயிற்று" என்று பதில் எழுதினால் அது நிற்காது.

படி 3: ஒவ்வொரு பெயரையும் ஒவ்வோர் அரையாண்டையும் தனித்தனியாகச் சரிபாருங்கள்

கேட்கப்பட்ட தொகை எப்படி வந்தது என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு 8 பேர், 4 அரையாண்டுகள், ஆக 32 கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் 1,250 வீதம் 40,000 ரூபாய். அப்படியானால் 8 பேரும் 2023 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை ஒரு நாள் விடாமல் கடையில் இருந்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெளிவானது. அது உண்மையல்ல.

இதற்குச் சம்பள மென்பொருள் எதுவும் தேவையில்லை. பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் அது வேலையைக் கூட்டுமே ஒழியக் குறைக்காது என்பது என் கருத்து. ஊதியப் பதிவேடும் ஓர் எக்செல் தாளும் போதும். ஒவ்வோர் அரையாண்டுக்கும் ஒரு தாள். வரிசைக்கு ஓர் ஊழியர். C முதல் H வரை ஆறு மாதச் சம்பளம். I கட்டத்தில் இதை இடுங்கள்:

```
=IF(SUM(C2:H2)>75000,1250,"CHECK")
```

CHECK என்று வருபவர்களுக்கு மட்டும் கீழ் அடுக்கின் வீதத்தைப் பார்த்துக் கையால் எழுதுங்கள். அந்த அரையாண்டில் நடைமுறையில் இருந்த வீதத்தையே எழுத வேண்டும். வீதங்கள் இடையில் திருத்தப்படுவதுண்டு என்பதால், இன்றைய வீதத்தைப் பழைய அரையாண்டுக்குப் போட்டிருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

எங்கள் கணக்கில் 11 கட்டங்கள் கழிந்தன. முதலாவது, பட்டியலில் இருந்த இருவர் கடையில் அல்ல, ஊராட்சி எல்லைக்குள் உள்ள பட்டறையில் வேலை செய்பவர்கள். அவர்களின் வரி அந்த ஊராட்சிக்கு உரியது. அதனால் 8 கட்டங்கள். இரண்டாவது, ஒருவர் 2024 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் பணியில் சேர்ந்தார். 2023-24-இன் இரு கட்டங்கள் அவருக்குப் பொருந்தா. மூன்றாவது, ஒருவர் 2024 செப்டம்பர் 30-ஆம் தேதியுடன் விலகிவிட்டார். அடுத்த அரையாண்டின் ஒரு கட்டம் அவருக்கு இல்லை. எஞ்சியவை 21 கட்டங்கள். அனைவரும் மாதம் 13,000-க்கு மேல் வாங்குபவர்கள் என்பதால் 21 கட்டங்களும் உச்ச அடுக்கிலேயே நின்றன: 26,250 ரூபாய்.

பட்டறையின் இருவரை இங்கே கழித்துவிட்டு அங்கே செலுத்தாமல் இருப்பது முறையாகாது. பதில் கொடுப்பதற்கு முன்பே ஊராட்சியில் அவர்களுக்கான வரியைச் செலுத்தி, அந்த ரசீதையே "இவர்கள் வேறு எல்லையில் பணிபுரிகிறார்கள்" என்பதற்குச் சான்றாக இணைத்தேன். கிராம ஊராட்சி வரிகளை vptax.tnrd.tn.gov.in தளத்தில் செலுத்தலாம்.

சேர்ந்த தேதியை நிறுவ ஊதியப் பதிவேடு மட்டும் போதாது. அது நாமே எழுதுவது. பி.எஃப். மாதாந்திர ஈ.சி.ஆர். நகலையும், ஈ.எஸ்.ஐ. பதிவில் உள்ள பணியமர்வுத் தேதியையும் சேர்த்துக் கொடுங்கள். தாமதத்தைக் குறைத்துக் காட்டுவதற்காக எல்லோரும் அண்மையில் சேர்ந்தவர்கள் என்று எழுதும்படி ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். அதைச் செய்யவே கூடாது. நாமே கொடுத்த பி.எஃப். பதிவு அதைப் பொய்யென்று காட்டிவிடும், உண்மையான 11 கட்டங்களையும் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள்.

படி 4: ஒப்புக்கொண்ட தொகையைப் பதிலுக்கு முன்பே செலுத்துங்கள்

நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு tnurbanepay.tn.gov.in தளத்தில் செலுத்தலாம். ஊழியர்களுக்கான வரிவிதிப்பு எண் இன்னும் இல்லையெனில், ஊழியர் பட்டியலைக் கொடுத்து முதலில் அந்த எண்ணைப் பெறுங்கள். அவசரத்தில் உரிமையாளரின் எண்ணில் கட்டிவிட்டால் பணம் வேறு கணக்கில் நிற்கும், நிலுவை அப்படியே இருக்கும். ரசீதில் எந்த அரையாண்டு என்று அச்சாகியுள்ளதையும் பாருங்கள்.

இந்தப் பழைய நிலுவையை ஊழியர்களிடம் ஒரே மாதத்தில் பிடிப்பது நியாயமில்லை. பிடிக்காமல் விட்டது நம் தவறு. நான் பழைய அரையாண்டுகளைக் கடைக் கணக்கிலேயே எழுதிக்கொண்டு, நடப்பு அரையாண்டிலிருந்து மட்டும் பிடிக்கத் தொடங்கினேன். விலகிப்போனவரின் 3 கட்டங்களுக்கான 3,750 ரூபாயை எப்படியும் நாம்தான் ஏற்க வேண்டும்.

படி 5: கடிதம்

ஒரே பக்கத்திற்குள் எழுதி, கணக்கை இணைப்பாக வையுங்கள். என் கடிதத்தின் நடுப்பகுதி இது:

"பார்வையில் காணும் தங்கள் அறிவிப்பு எமக்குக் கிடைக்கப்பெற்றது. அதில் கண்ட 32 இனங்களில் 21 இனங்களுக்கான வரி ரூ.26,250-ஐ ஒப்புக்கொண்டு செலுத்தியுள்ளோம். ரசீது நகல் இணைப்பு 1. எஞ்சிய 11 இனங்கள் பொருந்தாமைக்கான காரணம் பெயர்வாரியாக இணைப்பு 2-லும், அதற்கான சான்றுகள் இணைப்பு 3-லும் உள்ளன. வட்டியை ஒவ்வோர் அரையாண்டின் கெடுத் தேதியிலிருந்தும் தனித்தனியாகக் கணக்கிட்டுத் தெரிவிக்க வேண்டுகிறோம். ஊழியர்களைப் பதிவு செய்வதில் தாமதம் ஏற்பட்டது உண்மை. வருமான வரம்பைத் தவறாகப் புரிந்துகொண்டதே அதற்குக் காரணம். தற்போது அனைவரின் விவரமும் அளிக்கப்பட்டுள்ளது. இது முதல் தடவை என்பதையும், வரி முழுவதும் செலுத்தப்பட்டதையும் கருதி, தாமதத்திற்கான தொகையைக் குறைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

வட்டி பற்றிய வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எங்கள் நோட்டீசில் நான்கு அரையாண்டுகளுக்கும் மிகப் பழைய அரையாண்டின் தேதியிலிருந்தே வட்டி ஓடியிருந்தது.

கடிதத்தை நேரில் அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, நம் நகலில் முத்திரையும் தேதியும் கையொப்பமும் பெறுங்கள். நோட்டீஸ் கொண்டுவந்த பில் கலெக்டரிடம் கொடுத்தனுப்புவது போதாது. அவர் நேர்மையாகச் சேர்த்தாலும் எந்த நாளில் சேர்ந்தது என்பதற்கு நம்மிடம் சான்று இராது. அன்றே இன்னொரு நகலை விரைவு அஞ்சலிலும் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து நேரில் அழைத்துப் பதிவேடுகளைப் பார்த்தார்கள். 11 கட்டங்களையும் நீக்கி, வட்டியைத் திருத்தி, புதிய கேட்பு கொடுத்தார்கள். தாமதத்திற்கான தொகை நீங்கவில்லை, குறைந்தது.

பிற்சேர்க்கை: இதைப் படித்த திருமங்கலத்து வாசகர் ஒருவர், தொழில் உரிமம் புதுப்பித்த ரசீதைத் தொழில் வரி ரசீதாக இணைத்துவிட்டதாகவும், பதில் நிராகரிக்கப்பட்டதாகவும் எழுதியிருந்தார். உரிமக் கட்டணம் கடை நடத்தும் அனுமதிக்கானது. தொழில் வரியோடு அதற்குத் தொடர்பில்லை. ரசீதின் தலைப்பில் எது என்று அச்சாகியிருக்கும், அதைப் பார்த்தே இணையுங்கள். இன்னொருவருடைய ஊழியர், அதே அரையாண்டில் முந்தைய வேலையிடத்தில் வேறொரு நகராட்சிக்கு வரி செலுத்தியிருந்தார். அப்படி இருந்தால் அந்த ரசீதை ஊழியரிடமிருந்து வாங்கி, அவர் பெயருக்கு நேராக இணைப்பு 2-இல் குறிப்பிடுங்கள்.