கேள்வியில் கடல் வந்தால் எங்கே தொடங்குவது? பி.எல்.எஸ். தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரத்தில் பி.எல்.எஸ். எனப்படும் அடிப்படை உயிர்காப்புச் சான்றிதழ்த் தேர்வுக்கு ஆட்களைத் தயார்செய்வது என் வேலை. வருபவர்களில் பாதிப் பேர் செவிலியர் மாணவிகள். மற்றவர்கள் மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கத்து இளைஞர்கள். முதல் நாள் வகுப்பு முடிவதற்குள் எல்லோருக்கும் ஒன்று மனப்பாடம் ஆகிவிடும்: முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். தேர்வில் அவர்களைக் கவிழ்ப்பதும் பெரும்பாலும் அந்த மனப்பாடம்தான்.

மாதிரித் தேர்வில் நான் வைக்கும் கேள்வி இது. பாம்பன் கரை. எட்டு வயதுச் சிறுமியைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கொண்டுவந்து மணலில் கிடத்தியிருக்கிறார்கள். நீங்களும், பயிற்சி பெற்ற உங்கள் தோழியும் அங்கே இருக்கிறீர்கள். குழந்தைக்கு உணர்வில்லை, மூச்சில்லை, நாடி இல்லை. என்ன செய்வீர்கள்?

பத்தில் ஏழெட்டுப் பேர் உடனே மண்டியிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குவார்கள். முப்பது எண்ணி, இரண்டு மூச்சு ஊதி, மறுபடி முப்பது. கை நேராக இருக்கும், ஆழம் சரியாக இருக்கும். ஆனாலும் இரண்டு இடத்தில் தவறு நடந்துவிட்டது. ஒன்று தொடங்கிய இடம், மற்றொன்று விகிதம்.

தொடங்கிய இடத்தை முதலில் பார்ப்போம். 2010-க்கு முன்பு மூச்சுப்பாதை, மூச்சு, அழுத்தம் என்ற வரிசையில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஆண்டு அமெரிக்க இதயச் சங்கம் வரிசையை மாற்றி அழுத்தத்தை முதலில் வைத்தது. அதற்குக் காரணம் உண்டு. பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்த பெரியவர் திடீரெனச் சரிந்து விழுகிறார் என்றால், பெரும்பாலும் கோளாறு இதயத்தில். அதுவரை அவர் நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது. அதை மூளைக்குத் தள்ளிவிடுவதுதான் முதல் வேலை. கடலிலிருந்து எடுத்த குழந்தையின் கதை தலைகீழ். முதலில் மூச்சு நின்றது, ஆக்சிஜன் தீர்ந்தது, அதன் பிறகுதான் இதயம் நின்றது. நெஞ்சை எவ்வளவு நன்றாக அழுத்தினாலும் ஓடுவது ஆக்சிஜன் இல்லாத ரத்தம். அதனால் நீரில் மூழ்கியவருக்கு, பயிற்சி பெற்றவர்கள் மூச்சில் தொடங்குவது பொருத்தம் என்று அதே சங்கத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது: முதலில் இரண்டு மூச்சு, பிறகு அழுத்தம். ஐரோப்பிய வழிகாட்டுதலில் இந்தத் தொடக்க மூச்சு ஐந்து. எந்தச் சான்றிதழுக்கு எழுதுகிறீர்களோ அந்தக் கையேட்டின் எண்ணைச் சொல்லுங்கள். இரண்டையும் கலந்து மூன்று என்று ஊதிய ஒரு மாணவரையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு குழப்பம் பொதுமக்கள் முகாம்களிலிருந்து வருகிறது. இந்தியன் ரிசஸிடேஷன் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பயிற்சியில்லாத பொதுமக்களுக்கு அழுத்தம் மட்டும் போதும் என்ற எளிய முறை உண்டு. சாலையில் சரிந்து விழும் பெரியவருக்கு அது நல்ல முறை. அந்த முகாமுக்குப் போய்விட்டு வருபவர்கள் கடற்கரைக் கேள்விக்கும் "மூச்சு ஊத வேண்டாம் என்றுதானே சொன்னார்கள், அக்கா" என்பார்கள். மூழ்கியவருக்கு மூச்சு இல்லாத சி.பி.ஆர். பாதி வேலைதான்.

அடுத்தது விகிதம். பெரியவர் என்றால் உதவிக்கு ஒருவர் இருந்தாலும் இருவர் இருந்தாலும் 30:2. பருவமடையாத பிள்ளைகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும், தனியாள் என்றால் 30:2, பயிற்சி பெற்ற இருவர் என்றால் 15:2. பாம்பன் கேள்வியில் வயது எட்டு, கைகள் நான்கு. ஆகவே 15:2. குழந்தைகளின் இதயம் பெரும்பாலும் மூச்சுத் தடையால்தான் நிற்கிறது. அவர்களுக்கு மூச்சு அடிக்கடி போக வேண்டும். தனியாளாக இருக்கும்போது அழுத்துவதிலிருந்து ஊதுவதற்கும், மறுபடி அழுத்துவதற்கும் நகர்வதிலேயே நேரம் போய்விடும் என்பதால் அங்கே 30:2 என்று விட்டிருக்கிறார்கள்.

மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வந்த ஒரு தம்பி இதைக் கேட்டுவிட்டு மடக்கினார்: "மூழ்கிய பெரியவருக்கும் மூச்சுதானே முதலில் நின்றது? அவருக்கு ஏன் 15:2 இல்லை?" நியாயமான கேள்வி. பெரியவர்களுக்கு ஒரே விகிதம் என்று எளிமையாக வைத்துவிட்டார்கள். மூழ்கியவருக்குத் தொடக்கம் மட்டும்தான் மாறுகிறது. தேர்வில் பெரியவருக்கு 15:2 என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். வேடிக்கை என்னவென்றால், 2005-க்கு முன்பு பெரியவருக்கும் 15:2 தான் இருந்தது. அந்தக் காலத்தில் படித்த மூத்தவர்கள் வீட்டில் இருந்தால், தேர்வுக்கு முந்தைய இரவு அவர்களிடம் சந்தேகம் கேட்காதீர்கள்.

இப்போது அந்தச் சிறுமியின் கேள்வியைத் தொடக்கத்திலிருந்து செய்துபார்ப்போம். இடம் பாதுகாப்பானதா என்று பார்த்து, அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். தேர்வாளரிடம் இருக்கும் பட்டியலில் முதல் வரி அதுதான். மனதுக்குள் பார்த்துக்கொண்டது அவருக்குத் தெரியாது. குழந்தையை அலை தொடாத, கெட்டியான மணலுக்குக் கொண்டுவாருங்கள். தலையும் காலும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி, கரைக்கோட்டுக்கு இணையாகக் கிடத்துங்கள். கரைச் சரிவில் தலை மேலேயோ கீழேயோ போகக் கூடாது. தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா, தோழி 108-க்குப் பேசி, இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியைக் கொண்டுவரட்டும். நீங்கள் அதற்குள் மூச்சையும் கழுத்து நாடியையும் ஒரே நேரத்தில் பாருங்கள். பத்து விநாடிக்கு மேல் போகக் கூடாது. இங்கே தோற்பவர்கள் நிறைய. நாடி கிடைக்கவில்லை என்று விரலை மாற்றி மாற்றி வைத்து இருபது விநாடி தேடுவார்கள். பத்து விநாடியில் உறுதியாகத் தெரியவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு தலையைச் சாய்த்து, தாடையைத் தூக்கி, இரண்டு மூச்சு. ஒவ்வொன்றும் ஒரு விநாடி, நெஞ்சு எழுவது கண்ணுக்குத் தெரியும் அளவு. நெஞ்சு எழவில்லை என்றால் தலையைச் சரிசெய்து இன்னொரு முறை பார்க்கலாம். அதற்கு மேல் ஊதிக்கொண்டே இருக்கக் கூடாது. வாயில் நுரை வந்துகொண்டிருக்கும். அதைத் துடைத்து முடித்துவிட்டு ஊதலாம் என்று காத்திருப்பது தவறு. அது வந்துகொண்டேதான் இருக்கும். வாந்தி வந்தால் மட்டும் ஒருபக்கமாகத் திருப்பி, வாயைச் சுத்தம் செய்துவிட்டுத் தொடருங்கள்.

அதன் பிறகு அழுத்தம். நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, இந்த வயதில் ஏறக்குறைய 5 செ.மீ. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர வேண்டும். தோழி திரும்பும் வரை நீங்கள் தனியாள், அதனால் 30:2. அவர் வந்து தலைமாட்டில் உட்கார்ந்ததும் 15:2 என்று மாறுகிறீர்கள். பலர் இந்த மாற்றத்தை மறந்துவிட்டு, தொடங்கிய விகிதத்திலேயே முடித்துவிடுவார்கள்.

இன்னொரு பொறி, ஆள் மாற்றும் நேரத்தில் இருக்கிறது. "ஐந்து சுற்றுக்கு ஒருமுறை மாற்று" என்பது மனப்பாடம். அது 30:2-க்கான கணக்கு. அங்கே ஐந்து சுற்று சுமார் இரண்டு நிமிடம் பிடிக்கும். 15:2-இல் ஒரு சுற்று அதில் பாதி அளவுதான், ஆகவே இரண்டு நிமிடத்துக்குப் பத்துச் சுற்று வரும். சுற்றை எண்ணாமல் இரண்டு நிமிடம் என்று நினைவில் வைத்தால் இந்தக் குழப்பமே இல்லை.

ஏ.இ.டி. வந்ததும் நெஞ்சை நன்றாகத் துடைத்துவிட்டுப் பட்டைகளை ஒட்டுங்கள். ஈரத்தில் அவை ஒழுங்காகப் பிடிக்காது, மின்சாரமும் தோல்மேலேயே ஓடிவிடும். ஆனால் அந்தக் கருவிக்காக மூச்சையும் அழுத்தத்தையும் நிறுத்திவைக்காதீர்கள். மூழ்கியவர்களின் இதயம் பெரும்பாலும் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யக்கூடிய தாளத்தில் இருப்பதில்லை.

கேள்வியைச் சற்று மாற்றி, மூச்சு இல்லை, நாடி மட்டும் இருக்கிறது என்று கொடுத்தால் பாதி வகுப்பு மறுபடி நெஞ்சை அழுத்தும். அங்கே மூச்சு மட்டும்தான் கொடுக்க வேண்டும். குழந்தைக்கு இரண்டு மூன்று விநாடிக்கு ஒன்று, பெரியவருக்கு ஆறு விநாடிக்கு ஒன்று. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நாடியைப் பார்க்க வேண்டும். குழந்தையின் நாடி நிமிடத்துக்கு 60-க்குக் கீழே இருந்து, மூச்சு கொடுத்தும் தோல் வெளிறி ரத்த ஓட்டம் போதாமல் தெரிந்தால், நாடி இருந்தாலும் அழுத்தத் தொடங்க வேண்டும்.

எங்கள் கரையில் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டிய தவறு ஒன்று உண்டு. மூழ்கியவரைத் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவது, குப்புறக் கிடத்தி முதுகை அமுக்குவது, வயிற்றை அழுத்தித் தண்ணீரை வெளியேற்றுவது. வயிற்றை அழுத்தினால் வருவது வயிற்றில் இருப்பது. அது மூச்சுப்பாதைக்குள் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். ஊதத் தொடங்க வேண்டிய நிமிடமும் வீணாகிவிடும். இது தேர்வில் சரியா தவறா கேள்வியாக வரும். வகுப்பில் தவறு என்று எழுதிவிட்டு, கரையில் மாமா தூக்கி ஓடும்போது வாயடைத்து நிற்பவர்களும் உண்டு.

கடைசியாக வேகம். நிமிடத்துக்கு 100 முதல் 120. பெரும்பாலானோர் முதல் பத்து அழுத்தம் வரை சரியான வேகத்தில் போவார்கள். இருபதைத் தாண்டியதும் தளர்வார்கள். களைப்பு என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் உட்கார்ந்து கேட்டபோதுதான் புரிந்தது. "ஒன்று, இரண்டு" என்பது சட்டென்று முடிகிறது. "இருபத்தெட்டு, இருபத்தொன்பது" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த அழுத்தத்துக்கான நேரம் தாண்டிவிடுகிறது. வாய் நீள, கையும் அதோடு நீளுகிறது. கரைவலை இழுத்துப் பழகியவர்களுக்கு வேறு சிக்கல். வலை இழுக்கும் தாளத்தில் அழுத்துகிறார்கள், அது மெதுவானது. இப்போது எல்லோரையும் ஒன்று முதல் பத்து வரை மூன்று முறை எண்ணச் சொல்கிறேன். 15:2 என்றால் ஒருமுறை பத்து, பிறகு ஐந்து. போன வாரம் பொம்மையில் செய்த ஒரு மாணவி மூன்றாவது பத்தை முடித்ததும் நிறுத்தி, "அக்கா, நாற்பது ஆகிவிட்டதா?" என்று கேட்டார். இடது கை விரலை மடக்கி எண்ணலாமா என்றும் கேட்டார். அந்தக் கை அப்போது மற்றக் கையோடு கோத்துக்கொண்டு நெஞ்சின் மேல் இருக்கும், அம்மா.